ஒரு சொல் மாறியபோது: ஜிஹாதும் மார்தீன் ஃபத்வாவும்

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு தம்பி என்னிடம் வந்து நின்றார். கையில் செல்போன்.

"ஹஜ்ரத், இன்னைக்கு பயான்ல ஒரு ஹதீஸ் சொன்னீங்களே, சின்ன ஜிஹாதிலேருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பி வந்துட்டோம்னு. அது பலவீனமானதுன்னு போட்டிருக்காங்களே?"

எனக்குக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது. "கருத்து சரியானதுதான் தம்பி" என்று சொல்லி நகரப் பார்த்தேன். அவர் விடவில்லை.

"அப்போ இவங்க சொல்றது சரிதானா ஹஜ்ரத்? ஜிஹாதுன்னா சண்டை மட்டும்தான், ஆலிம்கள் பயந்துகிட்டு மறைக்கிறாங்கன்னு இவர் சொல்றார்."

போனில் ஒருவர் நல்ல தமிழில் பேசிக்கொண்டிருந்தார். யார், எந்த ஊர் என்று தெரியவில்லை. குரலில் தயக்கமே இல்லை. நான் சொன்ன ஹதீஸைத்தான் அவர் எடுத்துக் காட்டி, இது ஆட்சியாளர்களைத் திருப்திப்படுத்தச் சொல்லப்பட்ட கதை என்று கேலி செய்துகொண்டிருந்தார். அந்தத் தம்பிக்கு அந்த நேரத்தில் என்னிடம் முழுமையான பதில் இல்லை. பதில் தெரியாமல் இல்லை. மதரஸாவில் உஸ்தாத் பாடமாகவே நடத்தியிருந்தார். மிம்பரில் அதைச் சொல்லாமல் சுலபமான வழியில் போனது என் தவறு. அந்தத் தம்பிக்கு அன்று சொல்லியிருக்க வேண்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பலவீனமான ஹதீஸும் தவறான முடிவும்

முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுவோம். சிறிய ஜிஹாதிலிருந்து பெரிய ஜிஹாதுக்குத் திரும்பினோம் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக வரும் அறிவிப்பை இமாம் பைஹகீ (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்று அவர்களே குறிப்பிட்டும் இருக்கிறார்கள். இது தாபியீன்களில் ஒருவரான இப்ராஹீம் இப்னு அபீ அப்லா (ரஹ்) அவர்களின் கூற்று என்பது ஹாபிழ் இப்னு ஹஜர் (ரஹ்) அவர்களின் கருத்து. இப்னு தைமிய்யா (ரஹ்) இன்னும் கடுமையாக, இதற்கு அடிப்படையே இல்லை என்று சொன்னார்கள். ஆகவே அந்தத் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. இதை நபிமொழி என்று உறுதியாக மிம்பரில் சொல்வது சரியல்ல.

ஆனால் இங்கிருந்து அந்தப் பேச்சாளர் ஒரு தாவு தாவுகிறார். இந்த ஹதீஸ் பலவீனம், எனவே நஃப்ஸோடு போராடுவது ஜிஹாத் அல்ல, சண்டை மட்டுமே ஜிஹாத் என்கிறார். இந்தத் தாவல் புதிதல்ல. எகிப்தில் முஹம்மத் அப்துஸ் ஸலாம் ஃபரஜ் என்பவர் எழுதிய 'அல்ஃபரீளதுல் ஙாயிபா', அதாவது மறக்கடிக்கப்பட்ட கடமை என்ற சிறுநூலில் இதே வாதம் இருக்கிறது. ஃபரஜ் ஆலிம் அல்ல, மின்துறையில் வேலை பார்த்தவர். 1981 அக்டோபர் 6 அன்று எகிப்து அதிபர் அன்வர் சதாத்தைச் சுட்டுக்கொன்ற குழுவுக்குச் சிந்தனை வகுத்துக் கொடுத்தவர் அவர்தான். 1982 ஏப்ரலில் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. நாற்பதாண்டுகளுக்குப் பிறகு நம் ஊர்ப் பிள்ளையின் போனில் கேட்பது அந்தச் சிறுநூலின் எதிரொலிதான்.

ஒரு ஹதீஸ் பலவீனமானால் அதன் மீது கட்டிய ஆதாரம் மட்டும்தான் விழும். அதே கருத்துக்கு வேறு வலுவான ஆதாரம் இருந்தால் கருத்து அப்படியே நிற்கும். இந்த விஷயத்தில் அப்படிப்பட்ட ஆதாரங்கள் தாராளமாகவே இருக்கின்றன.

சூரத்துல் ஃபுர்கானின் 52-வது வசனம், இந்தக் குர்ஆனைக் கொண்டு அவர்களிடம் பெரிய ஜிஹாத் செய்யுமாறு நபி (ஸல்) அவர்களுக்குக் கட்டளையிடுகிறது. இந்த சூரா மக்காவில் இறங்கியது. அப்போது போருக்கு அனுமதியே இல்லை. அடிவாங்கிக்கொண்டு பொறுமையாக இருக்கும்படிதான் ஸஹாபாக்களுக்குச் சொல்லப்பட்டது. கையில் வாள் எடுக்க அனுமதி இல்லாத காலத்தில், சத்தியத்தை எடுத்துச் சொல்லும் உழைப்பை அல்லாஹ் ஜிஹாத் என்று அழைக்கிறான். அதுவும் 'பெரிய' என்ற அடைமொழியோடு.

அடுத்து, தன் நஃப்ஸோடு போராடுபவரே முஜாஹித் என்ற கருத்தில் ஃபளாலா இப்னு உபைத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் திர்மிதீயில் (1621) இருக்கிறது. ஹஸன் ஸஹீஹ் என்று இமாம் திர்மிதீ (ரஹ்) தரம் சொல்லியிருக்கிறார்கள். பலவீனமானதை விட்டுவிட்டு இதைச் சொல்லியிருந்தால் அன்று நான் தலைகுனிய வேண்டியிருந்திருக்காது.

புகாரியில் (3004) உள்ள செய்தி வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது. ஒருவர் நபி (ஸல்) அவர்களிடம் வந்து ஜிஹாதுக்குப் போக அனுமதி கேட்கிறார். உன் பெற்றோர் உயிரோடு இருக்கிறார்களா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்கிறார்கள். ஆம் என்கிறார். அப்படியானால் அவர்கள் விஷயத்தில் ஜிஹாத் செய் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இது சட்டபூர்வமான ஆட்சித் தலைவராகிய நபி (ஸல்) அவர்களே நடத்திய போருக்கான அனுமதிக் கேள்வி. அதற்கே வாப்பா, உம்மாவுக்குப் பணிவிடை செய்யும் உழைப்பு முன்னால் வைக்கப்படுகிறது. வீட்டுக்குத் தெரியாமல் பிள்ளையை அழைத்துச் செல்பவர்கள் இந்த ஒரு ஹதீஸைத் தாண்டிப் போக முடியாது.

இதன் மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. ஜிஹாத் என்றால் மனப்போராட்டம் மட்டும்தான், போருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்று சில நண்பர்கள் மேடையில் சொல்கிறார்கள். நல்லெண்ணத்தில் சொல்கிறார்கள். ஆனால் பிள்ளை வீட்டுக்குப் போய் சூரத்துல் அன்ஃபாலையும் தவ்பாவையும் திறந்தால் அங்கே போர் இருக்கிறது. ஃபிக்ஹு நூல்களில் ஜிஹாத் பாடம் பெரும்பாலும் போர்ச் சட்டம்தான். அப்போது, இவர்கள் உண்மையை மறைக்கிறார்கள் என்று போனில் பேசியவர் சொன்னது சரிதானே என்று பிள்ளைக்குத் தோன்றும். போர் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அதற்கு மார்க்கம் போட்ட வேலியைக் காட்டுவதே நேர்மையான வழி. அந்த வேலி எப்படி உடைக்கப்பட்டது என்பதற்கு மார்தீன் ஃபத்வாவை விட நல்ல பாடம் இல்லை.

மார்தீனிலிருந்து வந்த கேள்வி

மார்தீன் இன்றைய துருக்கியின் தென்கிழக்கே, சிரியா எல்லைக்கு அருகில் உள்ள ஊர். மங்கோலியர்கள் 1258-ல் பக்தாதைத் தரைமட்டமாக்கிய பிறகு இந்தப் பகுதிக்கும் வந்தார்கள். மார்தீனை ஆண்ட அர்தூகிய மன்னர்கள் முஸ்லிம்கள். அவர்கள் மங்கோலியருக்கு அடிபணிந்து ஆட்சியைத் தக்கவைத்துக்கொண்டார்கள். குடிமக்கள் முஸ்லிம்கள், தொழுகை நடக்கிறது, ஆனால் மேலதிகாரம் மங்கோலியர் கையில். இப்னு தைமிய்யா (ரஹ்) பிறந்த ஹர்ரானும் அதே வட்டாரம்தான். மங்கோலியருக்கு அஞ்சி அவர்களுடைய குடும்பம் டமாஸ்கஸுக்குக் குடிபெயர்ந்தபோது அவர்கள் சிறுவன்.

பின்னாளில் அவர்களிடம் மார்தீனைப் பற்றி ஒரு கேள்வி வந்தது. அது போர்ப் பிரதேசமா, அமைதிப் பிரதேசமா? அங்கே வாழும் முஸ்லிம் ஹிஜ்ரத் செய்தே ஆக வேண்டுமா? அங்கே தங்கி எதிரிகளுக்கு உதவினால் பாவமா? அங்கே தங்கியிருப்பவரை முனாஃபிக் என்று ஏசுபவரின் நிலை என்ன?

ஃபத்வாவின் முதல் கருத்தே, முஸ்லிம்களின் உயிரும் பொருளும் மார்தீனில் இருந்தாலும் வேறெங்கு இருந்தாலும் தீண்டத்தகாதவை என்பதுதான். மார்க்கத்தைக் கடைப்பிடிக்க முடிந்தால் அங்கே இருப்பவர் ஊரைவிட்டுப் போவது கட்டாயமில்லை. முடியாவிட்டால்தான் கட்டாயம். எதிரிக்கு உதவுவது கூடாது, அதிலிருந்து எப்படியாவது விலகிக்கொள்ள வேண்டும். அங்கே வாழ்பவர்களைப் பொத்தாம்பொதுவாக முனாஃபிக் என்று ஏசக் கூடாது. இவ்வளவும் சொன்ன பிறகு ஊரின் நிலைக்கு வருகிறார்கள். மார்தீன் முழுமையான அமைதிப் பிரதேசமும் அல்ல, போர்ப் பிரதேசமும் அல்ல, இரண்டும் கலந்த மூன்றாவது வகை என்கிறார்கள். அங்கே முஸ்லிம் தன் தகுதிக்கேற்ப நடத்தப்படுவார், ஷரீஅத்துக்கு வெளியே போனவரும் தன் தகுதிக்கேற்ப நடத்தப்படுவார் என்று முடிக்கிறார்கள்.

இரண்டு முறை வரும் 'நடத்தப்படுவார்' என்பதற்கு அரபுச் சொல் 'யுஆமலு'. சிக்கல் இரண்டாவது இடத்தில் வந்தது. 1909-ல் அச்சான பதிப்பில் இரண்டாவது 'யுஆமலு' என்பது 'யுகாதலு' என்று மாறிவிட்டது. அதற்குப் பொருள், 'போரிடப்படுவார்'. அரபு எழுதத் தெரிந்தவர்களுக்கு இது எப்படி நேர்ந்திருக்கும் என்று உடனே புரியும். இரண்டு சொற்களுக்கும் ஒரே எலும்புக்கூடு. ஐன் இருந்த இடத்தில் காஃபும், மீம் இருந்த இடத்தில் தாவும் வந்தால் போதும், சொல் மாறிவிடும். புள்ளிகள் சரியாக இடப்படாத பழைய கையெழுத்தில் ஒன்றை இன்னொன்றாகப் படித்துவிடுவது எளிது.

பிறகு வந்த பெரிய தொகுப்பான 'மஜ்மூஉல் ஃபதாவா'விலும் அதே பிழை தொடர்ந்தது. உலகமெங்கும் அலமாரிகளில் இருப்பது அந்தத் தொகுப்புதான். ஃபரஜ் தன் சிறுநூலில் எடுத்தாண்டதும் இந்த ஃபத்வாவைத்தான். மங்கோலியர் இருந்த இடத்தில் எகிப்தின் ஆட்சியாளர்களை நிறுத்தினார். ஷரீஅத்துக்கு வெளியே போனவர்களுடன் போரிட வேண்டும் என்று இப்னு தைமிய்யாவே சொல்லிவிட்டார்களே என்பது வாதம். அதற்குப் பின் வந்த தீவிரவாதக் குழுக்களும் இதையே பிடித்துக்கொண்டன.

சரிபார்த்தவர்கள் கண்டது

இந்தப் பிழையை உலகறியச் செய்தவர்களில் முக்கியமானவர் மௌரிதானியாவைச் சேர்ந்த ஷேக் அப்துல்லாஹ் பின் பய்யா. வாக்கியத்தின் ஓட்டமே அவருக்கு இடித்தது. முஸ்லிம் தகுதிக்கேற்ப நடத்தப்படுவார், மற்றவர் தகுதிக்கேற்பப் போரிடப்படுவார் என்பதில் பொருத்தம் இல்லை. 'தகுதிக்கேற்ப' என்ற சொல் நடத்துவதோடுதான் சேரும், போரிடுவதோடு சேராது. இதை எப்படி உறுதி செய்வது? டமாஸ்கஸின் ழாஹிரிய்யா நூலகத்துக் கைப்பிரதியில் 'யுஆமலு' என்றே இருக்கிறது. அதைவிடப் பெரிய சாட்சி, இப்னு தைமிய்யாவின் மாணவரான இப்னு முஃப்லிஹ் (ரஹ்). தம் 'அல்ஆதாபுஷ் ஷரஇய்யா' நூலில் ஆசிரியரின் இந்த ஃபத்வாவை அவர் எடுத்தெழுதியிருக்கிறார். அங்கும் 'யுஆமலு'தான்.

2010 மார்ச் 27, 28 தேதிகளில் மார்தீன் நகரிலேயே பல நாட்டு அறிஞர்கள் கூடி இந்த ஃபத்வாவை ஆய்வு செய்தார்கள். இதை ஆதாரமாக வைத்து முஸ்லிம்களையோ மற்றவர்களையோ கொல்லலாம் என்று சொல்பவர் தவறாக விளங்கிக்கொண்டவர் என்று அறிவித்தார்கள். தனி மனிதரோ குழுவோ தாங்களாகவே போர் அறிவிக்கும் உரிமை மார்க்கத்தில் இல்லை என்பதையும் தெளிவுபடுத்தினார்கள்.

ஒரு விஷயத்தில் நாம் நிதானமாக இருக்க வேண்டும். ஒரு அச்சுப்பிழைதான் எல்லா இரத்தத்துக்கும் காரணம் என்று சொன்னால் அது மிகை. மங்கோலியருக்கு எதிராகப் போரிடச் சொல்லும் வேறு ஃபத்வாக்களை இப்னு தைமிய்யா (ரஹ்) கொடுத்திருக்கிறார்கள். அவை சிரியாவின் மீது படையெடுத்து வந்தவர்களுக்கு எதிராக, மம்லூக் சுல்தானின் படையோடு நின்று கொடுத்தவை. ஃபரஜ் அவற்றையும் பயன்படுத்தினார். ஆயுதம் எடுக்க முடிவு செய்துவிட்டவருக்கு ஒரு வரி இல்லாவிட்டால் இன்னொரு வரி கிடைக்கும்.

ஆனால் மார்தீன் நமக்குக் காட்டுவது அவர்கள் படிக்கும் முறையை. அச்சுப்பிழை இருந்த பதிப்பிலும், முஸ்லிம்களின் உயிரும் பொருளும் தீண்டத்தகாதவை, அவர்களை முனாஃபிக் என்று ஏசாதீர்கள் என்ற முதல் வரிகள் அப்படியேதான் இருந்தன. கடைசி வரியை மட்டும் எடுத்துக்கொண்டு முதல் வரிகளை விட்டுவிட்டார்கள். பிழை அச்சகத்தில் தொடங்கியது. வாசித்தவர் அதற்குத் துணைபோனார்.

மூன்று வேலிகள்

அறிஞர்கள் போருக்குப் போட்ட நிபந்தனைகள் பல. அவற்றில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் மனதில் நிற்க வேண்டியவை இவை.

முதல் வேலி, யார் அறிவிப்பது என்பது. தலைவர் ஒரு கேடயம், அவருக்குப் பின்னால் நின்றே போர் செய்யப்படும் என்ற கருத்தில் புகாரியில் (2957) ஹதீஸ் உண்டு. ஜிஹாதின் விவகாரம் ஆட்சித் தலைவரிடமும் அவருடைய ஆய்விடமும் ஒப்படைக்கப்பட்டது என்பது இப்னு குதாமா (ரஹ்) 'அல்முஙனீ'யில் சொல்லும் சட்டம். காரணம் எளிது. போர் தொடங்கினால் அதன் விளைவை ஊர் முழுவதும் சுமக்கும். போரைத் தொடங்குபவருக்கு அதை நிறுத்தவும், உடன்படிக்கை செய்யவும், கைதிகளைக் காக்கவும் அதிகாரம் இருக்க வேண்டும். இணையத்தில் பெயரில்லாமல் பேசுபவருக்கு இதில் எதுவும் இல்லை.

இரண்டாவது வேலி, யாரைத் தொடக் கூடாது என்பது. சூரத்துல் பகராவின் 190-வது வசனம், உங்களோடு போரிடுபவர்களோடு போரிடுங்கள், வரம்பு மீறாதீர்கள் என்று அனுமதியையும் தடையையும் ஒரே மூச்சில் சொல்கிறது. ஒரு போரில் ஒரு பெண் கொல்லப்பட்டுக் கிடந்ததைக் கண்டபோது, பெண்களையும் குழந்தைகளையும் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் (புகாரி 3015). ஷாம் நாட்டுக்குப் படையை அனுப்பும்போது அபூபக்ர் (ரலி) தளபதிக்குச் சொன்ன அறிவுரை முவத்தாவில் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், முதியவர்களைக் கொல்லக் கூடாது, மடங்களில் இறைவணக்கத்தில் ஈடுபட்டிருப்பவர்களை அவர்கள் வழியில் விட்டுவிட வேண்டும், காய்க்கும் மரத்தை வெட்டக் கூடாது என்பவை அதில் அடக்கம்.

மூன்றாவது வேலி, கொடுத்த வாக்கு. இதைப் பற்றித்தான் நாம் மிகக் குறைவாகப் பேசுகிறோம். ஹுதைஃபா (ரலி) அவர்களும் அவர்களுடைய தந்தையும் பத்ருப் போருக்கு முன்பு குறைஷிகளிடம் மாட்டிக்கொண்டார்கள். முஹம்மதோடு சேர்ந்து போரிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்த பிறகே விடப்பட்டார்கள். மதீனா வந்து சேர்ந்து நடந்ததைச் சொன்னார்கள். பத்ரில் முஸ்லிம்கள் சுமார் 313 பேர், எதிரிகள் ஏறக்குறைய மூன்று மடங்கு. இரண்டு ஆள் கூடினாலும் பெரிய உதவிதான். எதிரியிடம் நெருக்கடியில் கொடுத்த வாக்குதானே என்று சொல்லியிருக்கலாம். நபி (ஸல்) அவர்கள் அப்படிச் சொல்லவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவோம், உதவியை அல்லாஹ்விடம் கேட்போம் என்று சொல்லி இருவரையும் திருப்பி அனுப்பினார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. அதனால்தான் ஹுதைஃபா (ரலி) பத்ரில் கலந்துகொள்ளவில்லை.

இதே சட்டத்தை சூரத்துல் அன்ஃபாலின் 72-வது வசனம் இன்னும் விரிவாகச் சொல்கிறது. வேறிடத்தில் வாழும் முஸ்லிம்கள் மார்க்கத்தின் பேரில் உதவி கேட்டாலும், உங்களோடு உடன்படிக்கை உள்ள சமுதாயத்துக்கு எதிராக அந்த உதவியைச் செய்ய அனுமதி இல்லை. ஒரு நாட்டில் குடிமகனாக, வாக்குரிமையோடு, அந்நாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பில் வாழ்பவரும், விசா வாங்கி ஒரு நாட்டுக்குள் நுழைபவரும் இந்த உடன்படிக்கைக்குள் வருகிறார்கள் என்பதே இக்கால அறிஞர்களின் விளக்கம். உடன்படிக்கையில் உள்ளவரைக் கொன்றவர் சொர்க்கத்தின் வாடையைக்கூட நுகர மாட்டார் என்று எச்சரிக்கும் ஹதீஸ் புகாரியில் (3166) இருக்கிறது.

நம் மொழியில் நடந்த துயரம்

இந்த வேலிகள் உடைந்தால் என்ன ஆகும் என்பதை நம் மொழி பேசும் மக்களே அனுபவித்தார்கள். 2019 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இலங்கையில் கொச்சிக்கடை புனித அந்தோனியார் ஆலயம், நீர்கொழும்பு புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம் ஆகிய மூன்றிலும், கொழும்பின் ஆடம்பர ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். மட்டக்களப்பில் ஞாயிறு பள்ளிக்கு வந்த குழந்தைகள் பலர் இறந்தார்கள். குழுவின் தலைவர் ஸஹ்ரான் ஹாஷிம் இணையத்தில் ஆற்றிய உரைகள் தமிழில் இருந்தன. ஐஎஸ் அமைப்பு பொறுப்பேற்றது. சிரியாவின் பாகூஸில் தங்களுக்கு நேர்ந்ததற்குப் பழி என்று அதன் தலைவர் பின்னர் ஒரு காணொளியில் சொன்னார்.

மூன்று வேலிகளையும் இங்கே வைத்துப் பாருங்கள். அறிவித்தது யார்? எந்த அதிகாரமும் இல்லாத ஒரு குழு. கொல்லப்பட்டவர்கள் யார்? இறைவணக்கத்தில் இருந்தவர்கள், காலை உணவுக்கு உட்கார்ந்திருந்த விருந்தினர்கள், குழந்தைகள். உடன்படிக்கை என்ன ஆனது? பிறந்து வளர்ந்த நாட்டில், பக்கத்து வீட்டாரை, அவர்களுடைய பண்டிகை நாளில் கொன்றார்கள். சிரியாவில் நடந்த எதற்கும் மட்டக்களப்புப் பிள்ளைகள் பொறுப்பல்ல. ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது சூரத்துல் அன்ஆமின் 164-வது வசனம் சொல்லும் நீதி. ஒரு வேலி உடைந்தாலே அது ஜிஹாத் ஆகாது. இங்கே மூன்றும் உடைந்தன. ஷரீஅத்தின் கணக்கில் இது கொலை.

அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா, தாக்குதல் நடத்தியவர்களின் உடல்களை முஸ்லிம்களின் மையவாடிகளில் அடக்கம் செய்ய இடம் தர மாட்டோம் என்று அறிவித்தது. ஸஹ்ரானைப் பற்றி முன்பே அதிகாரிகளிடம் புகார் கொடுத்தவர்களில் அவருடைய ஊரான காத்தான்குடி முஸ்லிம்களும் இருந்தார்கள். அப்படியிருந்தும் அடுத்த மாதமே வடமேற்கு மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. அந்த வன்முறைக்கு எந்த நியாயமும் கிடையாது. ஆயினும், போரை அறிவிக்கும் அதிகாரத்தை நம் அறிஞர்கள் ஏன் தனி மனிதர் கையில் கொடுக்கவில்லை என்பது இதிலிருந்து விளங்கும். அறிவித்தவர் போய்விட்டார். அந்தச் செயலில் எந்தப் பங்கும் இல்லாத கடைக்காரர் அதன் விளைவைச் சுமந்தார்.

பிள்ளை போனை நீட்டும்போது

ஒரு பிள்ளை இப்படியொரு காணொளியைக் கொண்டுவந்து காட்டினால் அதட்டி வாயை அடைக்காதீர்கள். கேட்க வருவது நல்ல அறிகுறி. கேட்பதை நிறுத்திவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். அவரோடு உட்கார்ந்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள். இந்த வரி எந்த நூலில், எந்தப் பக்கத்தில் இருக்கிறது? இதற்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது? யார், எந்தச் சூழ்நிலையில் கேட்டதற்கு இந்தப் பதில்? அந்த அறிஞரின் மாணவர்களும் பின்வந்தவர்களும் இதை எப்படி விளங்கினார்கள்? மார்தீன் ஃபத்வாவில் இந்த நான்கில் எதைக் கேட்டிருந்தாலும் வாதம் அங்கேயே நின்றிருக்கும். உங்களுக்கு விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லி, பிள்ளையை அழைத்துக்கொண்டு உங்கள் பள்ளி இமாமிடம் போங்கள்.

ஆலிம்களான எங்களுக்கும் இதே அளவுகோல்தான். தீவிரவாதியிடம் மூலப்பிரதியைக் காட்டு என்று கேட்கும் நாங்கள், எங்களுக்குச் சாதகமான பலவீன ஹதீஸை மட்டும் கண்டுகொள்ளாமல் விட முடியாது. அப்படிச் செய்தால் முதலில் நம்பிக்கை போகும். அந்த நம்பிக்கை போன இடத்தில்தான் போனில் பேசுபவர் வந்து உட்காருகிறார்.

அடுத்த ஜும்ஆவில் நான் மிம்பரிலேயே சொன்னேன், போன வாரம் நான் கூறிய ஹதீஸ் பலவீனமானது, அதற்குப் பதிலாகத் திர்மிதீயில் உள்ளதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று. ஃபுர்கான் சூராவின் வசனத்தையும் ஹுதைஃபா (ரலி) அவர்களின் நிகழ்ச்சியையும் விளக்கினேன். தொழுகை முடிந்து அந்தத் தம்பி வந்தார். வாப்பாவையும் கூட்டி வந்திருந்தார். "ஹஜ்ரத், அந்த மார்தீன் விஷயத்தை எங்க வாப்பாகிட்ட ஒரு தடவை சொல்லுங்களேன்" என்றார். மூவரும் ஹவ்ளுப் பக்கம் உட்கார்ந்தோம். அஸருக்கு பாங்கு சொல்லும் வரை பேசிக்கொண்டிருந்தோம்.